ஆளுக்கொரு வேலை, வேலைக்கொரு வேளை: ஒரு சிலைமீட்புக் கொள்ளைக் கதைக்கு சீன் ஆர்டர் போட்ட பதிவு

எடுத்துக்கொண்ட ஒன்லைன் இது. சோழர் காலத்து உமை உற்சவர் சிலை ஒன்று, கைவினைப் பொருள்களோடு சேர்ந்து கப்பலேறக் காத்திருக்கிறது. கடத்தல்காரனின் குடோனிலிருந்து ஐந்து பேர் அதை மீட்கிறார்கள். இரண்டேகால் மணி நேரப் படம், 52 சீன், இன்டர்வல் 26-ல். ஐந்து பேர்: ஓட்டுநர், ஆவணக்காரி, சிற்பி, தெருக்கூத்துக் கட்டியக்காரர், பேக்கிங் தச்சர். சீன் ஆர்டர் நிற்கும்வரை யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பெயர் வந்ததும் குணம் வந்துவிடும். குணம் வந்தால் அந்த ஆள்மீது பாசம் வந்து, தேவையில்லாத இடத்திலும் அவரை நிறுத்தத் தோன்றும். தொழிலே பெயராக இருந்தால் ஒவ்வொரு கார்டிலும் ஒரே கேள்விதான் எழும்: இங்கே இந்தத் தொழில் இல்லாமல் முடியாதா?

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அஞ்சலட்டை அளவில் வெட்டிய அட்டைகள், ஐந்து நிறப் பேனா, ஒரு சுவர். ஒரு சீனுக்கு ஓர் அட்டை. ஒருவரின் திறமை முதன்முதலில் தெரியும் அட்டையில் அவர் நிறத்தில் ஒரு புள்ளி, அது பலிக்கும் அட்டையில் ஒரு வட்டம்.

முதல் ஆர்டரில் ஆளுக்கொரு பூட்டு கொடுத்திருந்தோம். கட்டியக்காரர் சுங்க அதிகாரி வேஷம் போட்டு உள்ளே போகிறார். ஆவணக்காரி ஒரு காகிதத்தைத் திருத்துகிறார். சிற்பி நகல் செய்கிறார். தச்சர் பெட்டி செய்கிறார். ஓட்டுநர் துரத்தலில் தப்பிக்க வைக்கிறார். வட்டங்கள் ஐந்தும் வெவ்வேறு சீனில் இருந்தன, சுவரில் பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் வாசித்தால் வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது. ஒருவர் வருவார், தன் வேலையை முடிப்பார், போவார்.

எது கெட்டது என்பதை ஓர் எளிய சோதனையில் கண்டுபிடிக்கலாம். வட்டமுள்ள இரண்டு அட்டைகளை இடம் மாற்றிப் பாருங்கள். சிற்பியின் சீனை 31-க்கும் ஓட்டுநர் சீனை 40-க்கும் மாற்றியபோது கதையில் எதுவும் உடையவில்லை. இரண்டு வரி வசனத்தில் ஒட்டிவிட முடிந்தது. அப்படி ஒட்ட முடிந்தால், அந்தத் திறமைகள் வெவ்வேறு நேரத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான். இன்ன நேரத்தில்தான் நடக்க முடியும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. பார்வையாளருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. இரண்டாம் பாதியில் போனை எடுப்பார், அதுதான் அறிகுறி.

இரண்டாம் ஆர்டரை ஆட்களிடமிருந்து தொடங்கவில்லை. கடத்தல்காரன் வேலை செய்யும் முறையிலிருந்து தொடங்கினோம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலையை அனுப்பும்போது, இது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம், அதில் பொருளின் புகைப்படம் இருக்கும். நம் கதையின் வில்லன் இந்த ஓட்டையில் நுழைகிறான். உமையைப் பார்த்து அச்சு அசலாக ஒரு புதுச் சிலை வார்க்கிறான். அதைக் காட்டிச் சான்றிதழ் வாங்குகிறான். கன்டெய்னர் ஏறும் நாளில் பெட்டிக்குள் பழையதை வைத்துவிட்டு, புதியதை உருக்கப் போகிறான்.

இது கிடைத்ததும் கதையின் இலக்கே மாறியது. பூட்டை உடைத்துச் சிலையைத் தூக்குவது இனி வேலையில்லை. சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே அவன் அனுப்பும்படி செய்துவிட்டால் போதும். பெட்டிக்குள் நகல் போய்விடும். குடோனிலிருந்து காணாமல் போவது, அவன் கணக்கில், எப்படியும் உருக்கவிருந்த நகல். தேடமாட்டான். வெளிநாட்டில் பெட்டி திறந்து குட்டு வெளிப்பட்டாலும் யாரிடமும் புகார் சொல்ல முடியாது. சொன்னால், என்னிடம் பழைய சிலை இருந்தது என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து எங்களுக்கு விதி ஒன்று கிடைத்தது. ஒருவரின் திறமை வெற்றி பெற்ற இடத்திலிருந்தே அடுத்தவருக்கான சிக்கல் முளைக்க வேண்டும். வில்லன் புதிதாக ஒரு தடையைக் கொண்டுவந்து போடக் கூடாது. நம் ஆளின் வெற்றியே தடையைப் பெற வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டு 26-லிருந்து 43 வரை அட்டைகளை மறுபடி அடுக்கினோம்.

26, இன்டர்வல். அதுவரை ஐவரும் வில்லனின் பங்களாவிலிருந்து சிலையை எடுப்பதாகத் திட்டம். ஆவணக்காரி சான்றிதழ் நகலையும் பழைய கோயில் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இந்த வேலைக்கு உண்மை உலகில் முன்னோடி உண்டு. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கியது, கோயில் சிலைகளைப் படமெடுத்துப் பெரிய தொகுப்பாக வைத்திருக்கிறது. திருடுபோன சிலை இந்தக் கோயிலுடையதுதான் என்று நிறுவ அந்தப் படங்கள் உதவியிருக்கின்றன. 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ஸ்ரீபுரந்தான் நடராசர் அவற்றில் ஒன்று. கதையில் ஆவணக்காரி கவனிப்பது ஒரே ஒரு விஷயம்: பழைய படத்தில் இடது கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருக்கிறது, சான்றிதழ்ப் படத்தில் முழுசாக இருக்கிறது. நகல் செய்தவன் உடைசலைச் சரிசெய்து வார்த்துவிட்டான். ஆக, சிலை ஒன்றல்ல, இரண்டு. அதோடு கப்பல் காகிதம் இன்னொன்றும் சொல்கிறது: ஏற்றுவது இன்று மாலை ஆறு மணிக்கு. இங்கே இன்டர்வல் விழுகிறது.

ஆவணக்காரியின் திறமை வென்றது. அந்த வெற்றியே பழைய திட்டத்தைக் குப்பையாக்கி, நேரத்தையும் பறித்துவிட்டது. இப்போது தேவை ஓர் இரவு. அதை வாங்கித் தருவது ஓட்டுநர்.

31. முதல் ஆர்டரில் ஓட்டுநருக்குத் துரத்தல் இருந்தது. அதை எடுத்தோம், ஏனென்றால் லாரி வேகமாக ஓடுவது யார் ஓட்டினாலும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், தொழில் தெரியாது. நாற்பதடி டிரெய்லரை சந்தில் ரிவர்ஸ் எடுப்பதில்தான் தொழில் தெரியும். கன்டெய்னரின் கதவு இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்து, முழுக்கச் சுற்றி வந்து பக்கவாட்டில் ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் சரக்கு ஏற்ற முடியும். ஓட்டுநர் வண்டியைக் குடோன் வாசலுக்கு எடுத்துப் போகும்போது, ஒரு கதவு சுவரில் இடித்துப் பாதியில் நிற்கும் கோணத்தில் செருகிவிடுகிறார். முன்னே எடுக்க முடியாதபடி சந்து முனையில் வேறு வண்டி. கை தேர்ந்தவர் தெரிந்தே தப்புச் செய்வதை, தப்பாகவே தெரியும்படி எழுத வேண்டும். ஸ்டியரிங்கை அவர் ஒடிக்கும் கை மட்டும் ஒரு ஷாட், அதுவும் பாதி வட்டம். முகத்தைக் காட்டினால் பார்வையாளர் முன்கூட்டியே தெரிந்துகொள்வார். ஏற்றுவது காலைக்குத் தள்ளிப்போகிறது.

ஐவரின் கணக்கு இது: வண்டி ஒழுங்காக நின்ற பிறகுதான் வில்லன் சிலையை மாற்றுவான், வண்டி நிற்கவில்லை, ஆகவே இன்னும் மாற்றவில்லை. பெட்டிக்குள் இருப்பது நகல், அலமாரியில் சாக்கு போர்த்தி இருப்பது உமை. இரவில் போய் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. விடிந்ததும் அவன் துரத்துவான், துரத்தட்டும். பார்வையாளரும் இதை நம்பும்படி 34-ல் இந்தத் திட்டத்தை முழுசாகச் சொல்ல வைத்தோம். சொன்ன திட்டம் கெடும், சொல்லாத திட்டம் பலிக்கும் என்பது இந்த வகைக் கதையில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். ஆனால் கெடுவதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். வில்லன் ஆறு மணிக்கு ஏற்றுவதாக இருந்ததால் ஐந்து மணிக்கே மாற்றி ஆணியடித்துவிட்டான். வண்டி சிக்கியது அதற்குப் பிறகு. ஓட்டுநர் சரியாகச் செய்ததால்தான், மாற்றி முடித்த பெட்டி இரவு முழுக்க குடோனில் கிடக்கிறது. அது இவர்களுக்குத் தெரியாது.

37, சிற்பி. இந்த ஆர்டரில் நிறைய நேரம் செலவானது இந்த ஒரு சீனில்தான். முதலில் சிற்பி டார்ச் அடித்துப் பார்த்து, இது புதுசு என்று சொல்வதாக இருந்தது. அப்படியானால் ஆவணக்காரியே சொல்லிவிடலாமே, சுண்டுவிரலைப் பார்த்தால் போதும். ஆகவே வெளிச்சத்தை எடுத்தோம். ஷட்டர் இடுக்கு தெருவைப் பார்த்தபடி இருக்கிறது, வெளிச்சம் கசிந்தால் காவலாளி பார்ப்பார். கும்மிருட்டு. சுண்டுவிரல் கையில் படாதபடி சிலையின் மேல்பாதியைச் சணலால் சுற்றிக் கட்டியிருக்கிறது. கைக்கு எட்டுவது பீடம் மட்டும்.

பீடத்தில் என்ன இருக்கும்? உற்சவர் என்பதால் வீதியுலாவுக்குத் தண்டு கோத்துக் கட்ட வளையமோ துளையோ இருக்கும். பல நூறு திருவிழாக்களில் கயிறும் கட்டையும் உரசி உரசி அந்த வளையத்தின் உட்புறம் வழவழப்பாகிவிடும், கயிறு இழுபடும் பக்கம் மட்டும் கொஞ்சம் தேய்ந்து சரிந்திருக்கும். நகலில் வெளியே என்ன மெருகேற்றினாலும், வளையத்தின் உட்புறம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அரம் போட்டதோடு விட்டிருப்பார்கள். எழுதிய வடிவம் இப்படி:

சிற்பி சாக்குக்குள் கையை விடுகிறார். பீடத்தின் பக்கம் கட்டைவிரல் வளையத்துக்குள் போகிறது. ஒரு சுற்று. நிற்கிறது. மறுபடி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று.

"என்னண்ணே?"

"சொரசொரங்குது."

"அதனால?"

"இவ இன்னும் ஒரு தடவைகூட வீதிக்கு வரலப்பா."

அரம், வார்ப்பு, நகல் என்ற சொற்கள் எதுவும் வசனத்தில் இல்லை. விளக்கம் ஏழாவது சீனிலேயே முடிந்துவிட்டது. அங்கே பட்டறையில், மெழுகுச் சிலையைச் சரிபார்க்கும் சிற்பி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவி, "உள்ள பூரா அரம் நிக்கிது பாரு, கயிறு அறுந்துரும்" என்று ஒரு புது வார்ப்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு பையனைத் திட்டுகிறார். அந்த சீனின் வேலை பையன் அழுதுகொண்டே வெளியே போவதும், சிற்பிக்கு யாரும் மிஞ்சாமல் போவதும். வளையம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. புள்ளி வைக்கும் சீனுக்கு இது முக்கியம். அந்த சீனுக்கென்று வேறொரு சண்டையோ சோகமோ இருக்க வேண்டும். திறமையைக் காட்டவே ஒரு சீன் என்றால், பின்னால் இது வரும் என்று பார்வையாளர் குறித்துக்கொள்வார்.

சிற்பி சரியாகச் சொன்னார். அதனால் ஐந்து நிமிட வேலை இருபது நிமிட வேலை ஆகிறது: பெட்டியைத் திறக்க வேண்டும், வைக்கோலை எடுக்க வேண்டும், உள்ளே இருப்பதை வெளியேற்றி நகலை வைக்க வேண்டும், மறுபடி மூட வேண்டும். காவலாளியின் சுற்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. இல்லாத அந்த ஐந்து நிமிடம் கட்டியக்காரருடையது.

40. கட்டியக்காரர் எங்களை மிகவும் சோதித்தார். வேஷம் போடத் தெரிந்தவர் கதைக்குள் வந்தால் எல்லாப் பூட்டுக்கும் அவரே சாவியாகிவிடுவார். அதிகாரியாகலாம், போலீஸாகலாம், மற்ற நால்வருக்கும் வேலையே இருக்காது. கொள்ளைக் கதைகளில் அடிக்கடி நடக்கும் கேடு இது. மருந்து, திறமையைக் குறுக்குவது. இவருக்கு வேஷம் மாற்றி ஏமாற்ற வராது என்று முதலிலேயே நிறுவினோம். திறந்த வெளியில் ஊருக்கே கேட்கிற குரல், ரகசியம் பேசினாலும் எட்டு வீடு கேட்கும். அவரிடம் இருப்பது கட்டியக்காரனின் உண்மையான தொழில்: ராஜா வேஷம் தயாராகாவிட்டால், திரைக்கு முன் நின்று பேசிப் பேசி நேரத்தை இழுப்பது. பதினோராம் சீனில் கிரீடம் கட்டும் கயிறு அறுந்து போக, உள்ளே இருப்பவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே வெளியே கூட்டத்தை அரைமணி நேரம் இழுத்துவிடுகிறார்.

குடோன் வாசலில் அவருக்குக் கொடுத்தது விசிலடிக்கும் வேலை மட்டும். சிற்பியின் கட்டைவிரலுக்குப் பிறகு அது போதாது. காவலாளியிடம் போய், தானும் ஒரு காவலாளி வேலைக்கு வந்ததாக ஏதோ கேட்கத் தொடங்கி, கேள்வியிலிருந்து கேள்விக்குத் தாவி, அவர் ஊர்த் திருவிழாவில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஐந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இழுத்துவிடுகிறார். குரல் சும்மா இருக்குமா? பக்கத்து டீக்கடைக்காரர் வருகிறார், இரண்டு பேர் நிற்கிறார்கள், கூட்டத்தைப் பார்த்து குடோன் மேலாளருக்கு யாரோ போன் செய்கிறார்கள். அளவுக்கு மீறி ஜெயித்ததே அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது. மேலாளர் சாவியோடு கிளம்பிவிட்டார்.

43. உள்ளே அவசரம். மூடியை நெம்பும்போது ஒரு பலகை நெடுக்கப் பிளக்கிறது. இங்கே தச்சரின் தொழில். பார்க்க ஒரு பலகைதானே, புதிதாக ஒன்று அடித்துவிடலாமே என்று தோன்றும். ஏற்றுமதிப் பெட்டி மரம் பூச்சி போக, மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு குறைந்தது 30 நிமிடம் நிற்கும்படி பதப்படுத்தப்பட வேண்டும், பெட்டியில் கோதுமைக்கதிர் சின்னமும் 'எச்.டி.' எழுத்தும் முத்திரையாக இருக்கும். வெளிமரம் ஒன்று புதிதாகப் பளிச்சென்று நின்றால் துறைமுகத்தில் கண்ணில் படும். பெட்டியை மறித்துத் திறந்து பார்த்தால் வில்லனுக்கு ஆள் போகும், கதை அங்கேயே அவிழ்ந்துவிடும். தச்சர் பெட்டிக்குள்ளேயே சிலையை அசையாமல் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் ஒன்றைக் கழற்றுகிறார். அதே மரம், அதே சூடு, அதே நிறம். பிளந்த பலகையிலிருந்து ஆணிகளை வளையாமல் எடுத்து அதே ஆணியை அடிக்கிறார். சட்டம் போன இடத்தில் நகல் ஆடுமே? அலமாரியில் நகலைப் போர்த்தியிருந்த சாக்கு மடித்துச் செருகப்படுகிறது. அந்தச் சாக்கு 37-லிருந்தே கையில் இருக்கிறது.

இந்தச் சங்கிலியில் இப்போது எந்த இரண்டு வட்டத்தையும் மாற்ற முடியாது. மாற்றினால் முந்தைய சீன் பெற்ற சிக்கல் அநாதையாகிவிடும்.

புள்ளிக்கும் வட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு? ஓட்டுநர் 4-லிருந்து 31, ஆவணக்காரி 9-லிருந்து 26, கட்டியக்காரர் 11-லிருந்து 40, தச்சர் 15-லிருந்து 43. சிற்பிக்கு 7-லிருந்து 37, முப்பது சீன் தள்ளி. இன்டர்வலில் பாப்கார்ன் வாங்கப் போய் வந்தவருக்கு அந்த வளையம் நினைவில் இருக்காது. ஆகவே 22-ல் ஒரு சின்ன நினைவூட்டல்: டீ கிளாஸின் உள்விளிம்பைச் சிற்பியின் கட்டைவிரல் சுற்றிக்கொண்டிருக்கிறது, மற்றவர்கள் வேறு எதையோ பேசுகிறார்கள். மூன்று விநாடி. கட்டியக்காரருக்கு நினைவூட்டல் வேண்டாம், அவர் பேசும் ஒவ்வொரு சீனும் நினைவூட்டல்தான்.

கழித்தவை இரண்டு. எடை மேடையில் சிலை மாறியது தெரிந்துவிடும் என்று ஒரு சீன் இருந்தது. வண்டியோடு சேர்த்து டன் கணக்கில் நிறுக்கும் மேடையில் இரண்டு மூன்று கிலோ வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்த பயம் பொய். சிலையை வண்டியில் போகும்போதே மாற்றுவதாகவும் ஒன்று இருந்தது. கன்டெய்னர் பூட்டியதும் எண் பொறித்த சீல் விழும், அந்த எண் காகிதத்தில் ஏறிவிடும். மாற்றுவது அதற்கு முன்னால், குடோனுக்குள்தான் நடந்தாக வேண்டும். இரண்டும் போன பிறகுதான் ஓர் இரவு, ஒரு குடோன் என்று கதை இறுகியது.

கடைசிச் சோதனைக்கு, கதை தெரியாத ஒருவருக்கு 36 வரை வாசித்துக் காட்டி நிறுத்தினோம். அடுத்து யார் என்ன செய்வார் என்று கேட்டோம். முதல் ஆர்டரில் இதே கேள்விக்கு, "சிற்பிக்குத்தான் இன்னும் சீன் வரலையே, அவர்தான்" என்ற பதில் வந்தது. அவர் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். இந்த ஆர்டரில், "எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே" என்றார். 37-ஐ வாசித்ததும், ஏழாம் சீன் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

இன்னும் ஓர் அட்டை பாக்கி. மீட்ட உமை பொழுது விடிவதற்குள் எங்கே போகிறாள்? சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வாசலில், பழைய கோயில் புகைப்படம் ஒன்று பீடத்தில் கட்டியபடி, என்று 51-ல் வைத்திருக்கிறோம். புகைப்படத்தைக் கட்டியிருக்கும் கயிறு அந்த வளையத்துக்குள் கோத்திருக்கிறது.